பொருளடக்கத்தில் பக்க எண்கள் ஒரே நேராக நிற்கவில்லை

மலர்விழி: ஆண்டு மலருக்கு 22 தலைப்புகள் கொண்ட பட்டியலை இப்படித் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார்கள்:

```
ஆற்றங்கரை நினைவுகள் ..... 7
எங்கள் பார்வையில் உ.வே.சா. ... 31
```

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் புள்ளிகளைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டேன், எண்கள் முன்னும் பின்னுமாகவே நிற்கின்றன. ஏ5 தாள், இரு பக்கமும் 2 செ.மீ. ஓரம்.

செல்வம்: Insert மெனுவில் பொருளடக்கம் தானாக வருமே, கையால் ஏன் செய்ய வேண்டும்?

மலர்விழி: கட்டுரைகள் 22 தனிக் கோப்புகளில் இருக்கின்றன அண்ணா. கையில் இருப்பது பட்டியல் மட்டும்தான்.

கதிரவன்: அப்படியானால் தானியங்கி முறை உதவாது. தமிழில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அகலம், அதனால் புள்ளியை எண்ணி வைத்து எண்களை நேராக்கவே முடியாது. தட்டிய புள்ளிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு டேப் வையுங்கள். Ctrl+H அழுத்தி, Regular expressions-ஐத் தேர்ந்தெடுத்து:

```
Find:    [ .]+([0-9]+) *$
Replace: \t$1
```

கடைசியில் உள்ள `*` முக்கியம். எண்ணுக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் அந்த வரியும் தேடலில் அகப்படும்.

அப்புறம் எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்து Format > Paragraph > Tabs போங்கள். தாளின் அகலம் 14.8 செ.மீ., ஓரங்கள் போக 10.8. Position-இல் அதைக் கொடுத்து, Type-இல் Right, Fill Character-இல் புள்ளி வரிசை, பிறகு New, OK.

மலர்விழி: வந்துவிட்டது! ஆனால் இரண்டு குறைகள். ஒரு தலைப்பின் எண் மட்டும் அடுத்த வரிக்குப் போய்விட்டது. ‘உ.வே.சா.’வின் கடைசிப் புள்ளியும் காணாமல் போய்விட்டது.

கதிரவன்: புள்ளி போனது என் தவறு. வழிகாட்டும் புள்ளியையும் பெயரின் புள்ளியையும் அந்த விதி பிரித்தறியாது. அதைக் கையால் திரும்பப் போடுங்கள். எண் கீழே போன வரியில் Ctrl+F10 அழுத்திப் பாருங்கள், இரண்டு அம்புக்குறிகள் தெரியும். தட்டச்சு செய்தவர் அங்கே முன்பே ஒரு டேப் வைத்திருப்பார். முதல் டேப்பே எண்ணின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒன்றை அழித்தால் சரியாகும்.

மலர்விழி: ஆமாம், இரண்டு அம்புகள்தான் இருந்தன. ஒன்றை அழித்ததும் எண் மேலே வந்துவிட்டது.

நசீமா: எனக்கு வேறு தொல்லை. என் தலைப்புகள் நீளமானவை. எண்ணுக்கு இடம் போதாமல் அது கீழே தனியாக நிற்கிறது.

கதிரவன்: தலைப்பின் நடுவே பொருள் முறியாத இடத்தில் Shift+Enter தட்டுங்கள். இரண்டாம் வரியில் புள்ளிகள் ஓடி எண் வலது ஓரத்தில் நிற்கும்.

நசீமா: எழுத்தின் அளவை மாற்றினால் முறிவுகளை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டுமே?

கதிரவன்: பார்க்கத்தான் வேண்டும். நான் அதை அச்சுக்கு அனுப்பும் முன் கடைசி வேலையாகத்தான் செய்வேன். கையால் முறிக்காமல் செய்யும் வழி யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.