மேற்குப் பார்த்த பால்கனி: படத்தில் இருந்த வெயிலும் வந்த வெயிலும்

மாடிவீட்டுக்காரி

மேடவாக்கத்தில் ஐந்தாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, கம்பி கிராதி. டிசம்பரில் எடுத்த போட்டோவை வைத்து, செடி வைத்தால் இப்படி இருக்கும் என்று ஒரு கடைக்காரர் மேக்ஓவர் படம் போட்டுக் கொடுத்தார். தெற்கு மூலையில் சுவரோடு நாலடுக்கு ஸ்டாண்ட், அதில் பெரணி, மணி பிளான்ட், பீஸ் லில்லி. படத்தில் இருந்தபடியே வாங்கி வைத்தோம். மார்ச் வரை பிரச்சினை இல்லை.

மே மாதம் ஒரு மதியம் மூன்றரை மணிக்குத் துணி எடுக்கப் போனேன். பெரணி இலையைத் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தால் ஈரம்! தண்ணீர் இல்லாமல் காய்ந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். அதோடு, மேல் தட்டு பரவாயில்லை, கீழ்த்தட்டுகள்தான் மொத்தமாகப் போயின. மேலேதானே வெயில் அதிகம்?

கீரைப்பாத்தி

மேலேதான் அதிகம் அக்கா, எங்கள் மொட்டைமாடியில் அப்படித்தான். உங்கள் ஸ்டாண்டில் கீழே காற்றோட்டம் இல்லாமல் போயிருக்கும். போன வருடம் எனக்கும் புதினா கருகியது. நீங்கள் முதலில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகளை மாற்றுங்கள், அது சூட்டை இழுத்து வேரை வேகவைத்துவிடும். மண்தொட்டி வையுங்கள். மண்ணோடு தென்னைநார்க் கழிவு கலந்தால் ஈரம் நிற்கும். மேலே காய்ந்த இலையைப் பரப்புங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணீர். சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், மேற்குச் சுவர் ராத்திரி வரை அனலடிக்கும்.

நிழல்கோடு

தொட்டியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் மொட்டைமாடிக் கணக்கு பால்கனிக்குப் பொருந்தாது தம்பி. அங்கே தலைக்கு மேல் வானம், இங்கே மேல்வீட்டு ஸ்லாப்.

நான் இந்தப் படங்களை வரைந்து கொடுக்கிற வேலையில் இருப்பவன். அக்கா வீட்டுப் பால்கனி நாலடி ஆழம், ஒன்பதரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் சென்னையில் இரண்டு மணி வெயில் ஸ்லாப் விளிம்பைத் தாண்டிப் பின்சுவரில் சுமார் இரண்டடி வரைதான் ஏறும். மூன்று மணிக்கு ஐந்தடி, நாலு மணிக்கு ஏழடி. ஆக, கொடும் வெயிலை முதலில் வாங்குவது கீழ்த்தட்டு. மேல் தட்டுக்கு வெயில் வரும்போது உக்கிரம் கொஞ்சம் தணிந்திருக்கும். கிராதிக்குப் பதில் மூன்றடிக் கைப்பிடிச் சுவர் இருந்தால் கீழ்த்தட்டுக்கு நாலு மணிக்கு மேல் நிழல் கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, அந்த டிசம்பர் போட்டோ. அக்கா, தெற்குப் பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா?

மாடிவீட்டுக்காரி

ஆமாம் சார், நல்ல நீட்டம். எப்படித் தெரிந்தது?

நிழல்கோடு

டிசம்பரில் சூரியன் தென்மேற்கில் இறங்கும். அந்தச் சுவர் மறைத்து உங்கள் தெற்கு மூலை நிழலாக இருந்திருக்கும். ஏப்ரல் கடைசியில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் நடு வரை வடக்கே சாய்ந்துபோகும். அப்போது அந்தச் சுவர் இருந்தும் பயனில்லை, அதே மூலைக்கு நேராக வெயில் விழும். படம் வரைகிற ஸ்கெட்ச்அப் மென்பொருளில் ஊரையும் தேதியையும் கொடுத்தால் இந்த நிழல் தெரியும். பலர் கொடுப்பதில்லை, பார்க்க அழகான இளவெயிலை வைத்து முடித்துவிடுகிறார்கள்.

தாம்பரத்தில் ஒரு வீட்டில் அந்த அம்மா என் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. மே மாதத்தில் மணிக்கொரு தடவை வெயில் விளிம்பைச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார், தரையிலும் சுவரிலும். ஸ்டாண்ட் வரும் இடத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மணி எழுதியிருந்தது. இப்போதும் யார் போட்டோ அனுப்பினாலும் அந்தச் சுவர்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

கீழ்வீட்டுவாசி

பால்கனித் தோட்டம் போடுகிறவர்கள் எல்லாரிடமும் ஒரு கேள்வி. மேல்வீட்டுத் தொட்டித் தண்ணீர் சேற்றோடு எங்கள் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் சொட்டுகிறது. எந்தப் படத்திலாவது தொட்டிக்கு அடியில் தண்ணீர் பிடிக்கத் தட்டு வரைகிறார்களா? சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கீரைப்பாத்தி

@நிழல்கோடு சரி சார், ஸ்லாப் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது சத பச்சை வலை கட்டிவிட்டால் பெரணியே வைக்கலாமே?

நிழல்கோடு

வலை வெளிச்சத்தைக் குறைக்கும், ஐந்தாவது மாடி அனல்காற்றை முழுசாக நிறுத்தாது. பெரணிக்கு அந்தக் காற்றும் ஆகாது. கீழ்த்தட்டில் அடினியம், பத்துமணிப் பூ, கற்பூரவல்லி வையுங்கள். கிராதியோரம் காகிதப்பூ. மணி பிளான்டை மேல் தட்டில் உள்பக்கமாகத் தள்ளி வைத்தால் தாங்கலாம், நிச்சயம் சொல்ல மாட்டேன்.

கீரைப்பாத்தி

எங்கள் மாமா வீட்டில் வலைக்குள் பெரணி நன்றாகத்தான் இருக்கிறது. அது இரண்டாவது மாடி, எதிரே வேப்பமரம்.

மாடிவீட்டுக்காரி

எங்கள் அசோசியேஷனில் வலை கட்ட விடமாட்டார்கள், முகப்பு கெடுமாம். சாக்பீஸ் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். கீழ்வீட்டுவாசி, எங்கள் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் அடியில் தட்டு இருக்கிறது.