நீண்ட முதன்மை டக்ட்: ஸ்டாடிக் ரீகெயின் கணக்கில் இரண்டாம் பகுதி முதல் பகுதியைவிடப் பெரிதாக வருகிறது

கேட்டவர், மாதவரம்

மாதவரத்தில் ஒரு கிடங்கின் இரண்டு பொதிகட்டும் கூடங்களுக்குக் குளிர்காற்று கொண்டு செல்லும் முதன்மை டக்டை அளவிட்டுக்கொண்டிருக்கிறேன். மொத்தக் காற்று விநாடிக்கு 3 கன மீட்டர்; அது ஆறு கிளைகளுக்குத் தலா அரை கன மீட்டராகப் பிரிகிறது. காற்றாடியிலிருந்து முதல் கிளைக்கு 10 மீட்டர். இரு கூடங்களுக்கும் நடுவே லாரி செல்லும் வழி இருப்பதால், முதல் கிளைக்கும் இரண்டாம் கிளைக்கும் இடையே 25 மீட்டர். அதன்பின் கிளைகள் 10 மீட்டருக்கு ஒன்றாக வருகின்றன.

ஈக்வல் ஃப்ரிக்ஷன் முறையில், மீட்டருக்கு 0.8 பாஸ்கல் என்று வைத்துக்கொண்டு, வட்ட டக்டாக 700, 650, 600, 550, 460, 350 மில்லிமீட்டர் என்ற அளவுகள் கிடைத்தன. ஸ்டாடிக் ரீகெயின் முறையில் ஒவ்வொரு பகுதியின் உராய்வு இழப்பையும், கிளை பிரிந்ததும் வேகம் குறைவதால் மீளும் அழுத்தத்தோடு சமப்படுத்தினேன்:

```
0.75 × 0.6 × (V1² − V2²) = L × (dP/L)
```

முதல் பகுதியில் வேகம் விநாடிக்கு 7.8 மீட்டர். அதிலிருந்து தொடங்கினால் இரண்டாம் பகுதிக்கு 731 மில்லிமீட்டர் வருகிறது. காற்று குறைந்த பிறகு டக்ட் பெரிதாவது எப்படி? மூன்று முறை சரிபார்த்தும் பிழை புலப்படவில்லை.

டக்ட் பட்டறைக்காரர், வியாசர்பாடி

தம்பி, அந்த 0.75தான் உங்களைச் சுற்ற வைக்கிறது. வேகம் குறைந்தால் அந்த அழுத்தம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று எடுத்து 1 போட்டுப் பாருங்கள், அளவு இறங்கிவிடும். முப்பது வருடமாகத் தகடு வெட்டுகிறேன். காற்று போகப் போக டக்ட் பெரிதாகும் வரைபடத்தை நான் பார்த்ததில்லை.

வடிவமைப்பாளர், தண்டையார்பேட்டை

உங்கள் கணக்கில் பிழை இல்லை. குணகத்தை 1 என்று வைத்தாலும் இரண்டாம் பகுதிக்குச் சுமார் 712 மில்லிமீட்டர்தான் வரும். 700-ஐவிட அதுவும் பெரிதே. அதோடு, கிளை பிரியும் இடத்தில் எப்போதும் சிறிது இழப்பு இருப்பதால், வேக அழுத்தக் குறைவு முழுவதும் நிலை அழுத்தமாக மீளாது. கிடைக்காத மீட்பைக் கணக்கில் வரவு வைத்தால், அந்தக் குறை கடைசிக் கிளைகளின் தலையில் விழும்.

காரணம் இடைவெளிதான். ஒரே ஒரு கிளை பிரிவதால் மீளக்கூடிய அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைக் கொண்டு 25 மீட்டர் உராய்வையும் அடைக்கச் சொல்கிறீர்கள். அதற்கு வேகம் 6 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும் என்பதால் டக்ட் வீங்குகிறது. கிளைகள் நெருக்கமாகவும் சீராகவும் வரும் டக்டுக்கே இந்த முறை இயல்பாகப் பொருந்தும்.

இத்தகைய இடத்தில் நான் சமன்பாட்டை விட்டுவிட்டு, இரண்டாம் பகுதியையும் 700 என்றே நிறுத்துவேன். வேகம் 6.5 ஆகும், உராய்வு சுமார் 14.3 பாஸ்கல், மீள்வது 8.4 பாஸ்கல். ஆக, முதல் கிளையில் 6 பாஸ்கல் மட்டும் கூடுதலாக நிற்கும். அதை அக்கிளையின் டேம்பர் எளிதாக அடக்கும். பிறகு 6.5 என்ற வேகத்திலிருந்து மீண்டும் ரீகெயின் கணக்கைத் தொடங்குங்கள். எனக்கு 670, 628, 560, 442 என்று வருகிறது.

பராமரிப்புப் பொறியாளர், திருவொற்றியூர்

எங்கள் கட்டடத்திலும் இதே சிக்கல். முதல் டிஃப்யூசர் சீறுகிறது. கடைசி டிஃப்யூசரின் கீழே கையை வைத்தால் காற்றே தெரிவதில்லை. காற்றாடியின் வேகத்தைக் கூட்டினால் போதுமா?

வடிவமைப்பாளர், தண்டையார்பேட்டை

ஐயா, உங்கள் கேள்வி வேறு என்றாலும், இவருடைய ஈக்வல் ஃப்ரிக்ஷன் டக்ட் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது காட்டுகிறது. இவருடைய டக்டில் முதல் கிளைக்கும் கடைசிக் கிளைக்கும் இடையே உராய்வு 52 பாஸ்கல், வேகம் 7.8-லிருந்து 5.2 ஆகக் குறைவதால் மீள்வது 15 பாஸ்கல். எனவே முதல் கிளையில் 37 பாஸ்கல் மிகையாக நிற்கும். ஒரு கிளைக்குத் தேவை 30 பாஸ்கல் என்று வைத்தால், டேம்பரை மூடாதபோது முதல் கிளை தன் பங்கைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கை இழுத்துக்கொள்ளும். காற்றாடியின் வேகத்தைக் கூட்டினால் இந்த விகிதம் மாறாது, சீறல்தான் கூடும். உங்கள் இடத்தில் முதலில் செய்ய வேண்டியது, முன்வரிசைக் கிளைகளின் டேம்பர்களை டிஃப்யூசரின் கழுத்தில் அல்லாமல், கிளை பிரியும் இடத்துக்கு அருகே வைத்துச் சமன்செய்வது.

கேட்டவர், மாதவரம்

மிக்க நன்றி ஐயா. ஒன்றைச் சொல்லத் தவறிவிட்டேன்: உத்தரத்தின் கீழே 400 மில்லிமீட்டர் உயரமே இருப்பதால், 700 வட்டத்துக்குப் பதிலாக 1100 × 400 செவ்வக டக்ட் போடப் போகிறோம். உராய்வு சமமாக இருப்பதால் கணக்கு அப்படியே நிற்கும் அல்லவா?

வடிவமைப்பாளர், தண்டையார்பேட்டை

நிற்காது. உராய்வுக்குத்தான் அது 700 வட்டத்துக்கு இணை. பரப்பு 0.44 சதுர மீட்டர் என்பதால் உண்மை வேகம் 7.8 அல்ல, 6.8. அழுத்தம் மீள்வது உண்மை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டாம் பகுதியையும் 1100 × 400 என்று வைத்தால் வேகம் 5.7, மீள்வது 6.4 பாஸ்கல் மட்டுமே. குறை 6 அல்ல, சுமார் 8 பாஸ்கல். முதல் கிளை 12 விழுக்காடு அளவுக்கு அதிகம் இழுக்கும். இதையும் டேம்பர் தாங்கும். ஆனால் அடுத்த நான்கு பகுதிகளுக்கு நான் தந்த வட்ட அளவுகளை அப்படியே செவ்வகமாக மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றையும் உண்மை வேகத்தோடு திரும்பப் போடுங்கள். வரைபடத்தில் வட்ட அளவை எழுதிவிட்டுக் கடைசியில் செவ்வகமாக மாற்றும் பழக்கம் ஈக்வல் ஃப்ரிக்ஷனில் பெரிதாகப் பாதிப்பதில்லை. இங்கே அது முழுக் கணக்கையும் சாய்த்துவிடும்.

டக்ட் பட்டறைக்காரர், வியாசர்பாடி

1 போடச் சொன்னது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தகட்டைப் பேசுங்கள். உங்கள் வட்ட அளவுகளைப் போட்டுப் பார்த்தேன்: ஈக்வல் ஃப்ரிக்ஷனுக்கு 135 சதுர மீட்டர், இதற்கு 149. காப்புப் பஞ்சும் அதே அளவுக்குக் கூடும். இதற்கு ஈடாக மின்சாரத்தில் எவ்வளவு மிச்சம்?

வடிவமைப்பாளர், தண்டையார்பேட்டை

அதிகமில்லை. காற்றாடி கொடுக்க வேண்டிய அழுத்தம் 37-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடான 31 பாஸ்கல் குறைகிறது; மோட்டாரோடு சேர்த்து 55 விழுக்காடு திறன் என்றால் 170 வாட் அளவு. மின்சாரத்துக்காக மட்டும் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். டேம்பரைப் பெரிதும் நெருக்காமலே கிளைகள் சமமாக ஓடுவதும், முன்வரிசை சீறாததும்தான் இதன் பயன்.

எனக்கு ஐயம் இருப்பது கடைசிப் பகுதியில். அங்கே வேகம் 3.3 மீட்டர்தான், டக்டின் பரப்பும் பெரிது. குளிரூட்டாத கூரையடியில் போனால் காற்று வழியிலேயே சூடேறும். இந்தப் பக்கத்துக் கடற்கரை ஈரத்தில் காப்பு சற்று விலகினாலும் டக்ட் வியர்த்துச் சொட்டும். கடைசி இரண்டு பகுதிகளை மட்டும் சிறிதாக்கி, சில பாஸ்கலை விட்டுக்கொடுப்பதா என்பதைக் கூரையின் நிலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேட்டவர், மாதவரம்

லாரி வழிக்கு மேலே உள்ள 25 மீட்டரும் வெறும் தகரக் கூரையின் கீழேதான் போகிறது. செவ்வக வேகங்களோடு கணக்கைத் திரும்பப் போடுகிறேன். ஒவ்வொரு கிளைக்கும் சற்று முன்பாக நிலை அழுத்தம் அளக்கத் துளையிட்டு மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். டிஃப்யூசர் மாட்டியபின் முதல் கிளையிலும் ஆறாம் கிளையிலும் மானோமீட்டரில் என்ன வருகிறது என்பதை இங்கே பதிவேன். வேறுபாடு 8 பாஸ்கலைவிட மிகுந்தால், 0.75 எங்கள் கிளை இணைப்புகளுக்குக் கூடுதல் என்று கொள்ளலாமா?

வடிவமைப்பாளர், தண்டையார்பேட்டை

கொள்ளலாம், ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு கிளையிலும் உண்மையில் அரை கன மீட்டர்தான் ஓடுகிறதா என்று அளந்துவிடுங்கள். முதல் கிளை அதிகமாக இழுத்துக்கொண்டிருக்கும்போது எடுத்த அழுத்த அளவை வைத்துக் குணகத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.