மன்னிப்புக் கடிதம்: காரணத்தைச் சேர்க்கலாமா?

வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்காகக் கேட்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் ஆரி வேலை ரவிக்கை நேற்றே தந்திருக்க வேண்டும். நாளை அவர் வீட்டில் நிச்சயதார்த்தம். என் வரைவு இது:

“வணக்கம் அம்மா. உங்கள் மெரூன் ரவிக்கையை நேற்று தருவதாகச் சொல்லிவிட்டுத் தரவில்லை. வலது கையில் ஆரி வேலை பாக்கி. தாமதமாகும் என்று புதன்கிழமையே தெரிந்தும் உங்களிடம் சொல்லாதது என் தவறு, மன்னியுங்கள். இன்று இரவு 8 மணிக்குள் ஈசூனுக்கு நானே கொண்டு வருகிறேன். போட்டுப் பார்த்து இறுக்கமாக இருந்தால் அங்கேயே பிரித்துத் தைத்துத் தருகிறேன். ஆரி வேலைக்கான 60 வெள்ளி வேண்டாம்.”

‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற வழக்கமான வரியை வேண்டுமென்றே விட்டேன். சென்னையிலிருந்து நூல் தாமதமாக வந்ததையும் எழுதச் சொல்கிறார் அக்கா. எனக்கு அது சாக்கு மாதிரிப் படுகிறது. சேர்ப்பதென்றால் எந்த இடத்தில்? அப்புறம், அந்த 60 வெள்ளியைக் கடிதத்திலேயே சொல்லலாமா, நேரில் சொல்வதுதான் மரியாதையா? மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.