ரத்தம் கொடுத்தபின் நாடி வேகம்: தமிழில் படிவம் இருக்கிறதா?

முகாம்களில் ஓய்வுப் பகுதியைக் கவனிப்பவர்களிடம் ஒரு உதவி. 350 மி.லி. கொடுத்தவர் எழுந்ததும் தலைசுற்றி உட்காருகிறார் என்று வையுங்கள். நாடி 50 என்றால் பெரும்பாலும் நரம்புவழி மயக்கம். படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிவார். நாடி 120 என்றால் கதை வேறு. குறைந்த ரத்தத்தை ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. பிரஷர் சரியாக இருக்கிறதே என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் ரத்தம் குறையும்போது பிரஷர் தாமதமாகத்தான் இறங்கும். படுத்து, தண்ணீர் குடித்து, 15 நிமிடம் கழித்தும் வேகம் குறையாவிட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். வேறு வழியில் ரத்தம் போகிறதா என்று அறிய, கறுப்பு மலம், அதிக மாதவிடாய் உண்டா என்றும் கேட்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் காத்திருக்கவே கூடாது.

படுத்தும் நின்றும் நாடியைக் குறிக்கும் படிவம் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள். நின்றதும் 30 கூடினால் என்ன செய்வது என்ற வரியும் அதில் இருந்தால் நல்லது.