மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம்: ரத்து செய்தவர்களின் அனுபவங்கள்

திருச்சியைச் சேர்ந்த ஒரு தந்தை:

என் மகளின் திருமணத்திற்காக 2023 தை மாதத்தில், ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு ஒரு மண்டபத்தைப் பேசி முடித்தேன். வாடகை 1,80,000 ரூபாய். அதில் 60,000 ரூபாயை முன்பணமாகச் செலுத்தினேன். வைகாசித் தொடக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். அதன் காரணம் இங்கே வேண்டாம். மறுநாளே மண்டபத்துக்குச் சென்று விவரத்தைச் சொன்னபோது, மேலாளர் மிகுந்த மரியாதையுடன் என்னை உட்காரவைத்து, என் கையிலிருந்த ரசீதை வாங்கி, அதன் பின்பக்கத்தைத் திருப்பி என்னிடமே நீட்டினார். “எக்காரணம் கொண்டும் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்று அங்கே சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தது.

வாய்மொழியாகச் சொன்னதோடு நான் திரும்பிவிட்டிருப்பேன். கடிதம் கொடுக்கும்படி வற்புறுத்தியவன் என் அக்காள் மகன்தான். இன்ன தேதிக்கான பதிவை ரத்து செய்கிறேன், அந்த நாளை வேறு யாருக்கும் கொடுக்கலாம், அப்படிக் கொடுத்தால் என் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மூன்றே வாக்கியங்களில் எழுதினோம். நகலில் முத்திரையிட்டுத் தர மேலாளர் மறுத்துவிட்டதால், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அட்டை நான்கு நாளில் கையெழுத்துடன் திரும்பி வந்தது.

ஆவணியில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் மைத்துனர் அந்த வழியாகச் சென்றார். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. வேறொரு மணமக்களின் பெயரும் அன்றைய தேதியும் அச்சிட்ட பேனர், மண்டபத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழேயே தொங்கியது. இரண்டும் ஒரே படத்தில் விழும்படி அவர் புகைப்படம் எடுத்து வந்தார். அந்தப் படத்தையும் ஒப்புகை அட்டையின் நகலையும் இணைத்து வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிய மூன்றாவது வாரம், மண்டபத்திலிருந்தே அழைத்து 45,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்:

ஐயா, நீங்கள் 15,000 ரூபாயை விட்டுக்கொடுத்தது தவறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கேட்ட 30 நாட்களுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். ரசீதில் எதை அச்சிட்டிருந்தாலும் அது செல்லாது.

நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவர்:

சேலத்து நண்பர் சொல்லும் 30 நாள் கணக்கு அந்தச் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது குறைபாடுள்ள பொருளுக்கும் குறைபாடுள்ள சேவைக்கும் உரியது. மண்டபம் தயாராக இருந்து, திருமண வீட்டாரே வேண்டாம் என்று சொல்லும்போது அதில் சேவைக் குறைபாடு எங்கே இருக்கிறது? இந்த வாதத்தை மட்டும் நம்பி ஆணையத்துக்குப் போனவர்கள் சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

திருச்சி ஐயாவின் வழக்கு நிற்பது வேறு இடத்தில். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான். இழப்பே ஏற்படாதபோது முன்பணத்தை வைத்துக்கொள்ள முடியாது என்பதை 2015இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது நில ஏல வழக்கு என்றாலும் வாதம் இங்கும் பொருந்தும். அதே நாளை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டவரிடம் “உங்களுக்கு என்ன நட்டம்?” என்று கேட்க அந்தப் புகைப்படம் வழிசெய்தது. அது இல்லாவிட்டால், யாரும் வரவில்லை என்று மண்டபத்தார் சொல்வதை மறுப்பது கடினம்.

அறிவிப்புக்கு மசியாவிட்டால் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

மதுரையிலிருந்து ஒரு பெண்மணி:

எங்களுக்கு 2020 சித்திரையில் திருமணம் வைத்திருந்தோம். பங்குனியிலேயே ஊரடங்கு வந்துவிட்டதால் வீட்டு வாசலில் பத்துப் பேருடன் தாலி கட்டினோம். மண்டபத்தார் பணமாகத் தர மாட்டோம், வேறு தேதியில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஓராண்டு கழித்து என் வளைகாப்பை அதே மண்டபத்தில் நடத்தி அந்த முன்பணத்தைக் கழித்தோம். ஆகவே பணம் வேண்டும் என்று சண்டை போடாமல் தேதியை மாற்றிக் கேட்பதுதான் எளிது என்பது என் கருத்து.

வழக்கறிஞர்:

சகோதரி, உங்கள் நிலைமை முற்றிலும் வேறு. அரசு ஆணையால் மண்டபத்தைத் திறக்கவே முடியாமல் போனது. யாரும் ஒப்பந்தத்தை மீறவில்லை. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65ஆம் பிரிவுகளின்படி நீங்கள் பணமாகவே கேட்டிருக்கலாம். வளைகாப்பு நல்லபடியாக நடந்ததில் மகிழ்ச்சி.

ஒரு மண்டபத்தின் மேலாளர்:

எங்கள் தரப்பையும் கேளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. காவலாளிக்கும் துப்புரவாளருக்கும் சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். வருட வருமானம் சில முகூர்த்த நாட்களில்தான் இருக்கிறது. ஒரு ஆவணி ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு எத்தனை பேர் வந்தாலும், பதிவாகிவிட்டது என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு முன் ரத்து செய்தால் வேறொருவர் வந்துவிடுவார். மூன்று வாரத்துக்கு முன் சொன்னால் யார் வருவார்கள்? அதற்குள் எல்லோரும் பத்திரிகையே அச்சடித்துவிட்டிருப்பார்கள்.

இன்னொன்று: நேரில் வந்து ரத்து என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பத்து நாளில் பெரியவர்கள் பேசிச் சமாதானமாகித் திரும்பி வந்ததுண்டு. அந்த நாளை நான் வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் என் நிலைமை என்ன? அதனால், கையெழுத்திட்ட கடிதம் வரும்வரை நான் அந்தத் தேதியை விடுவிப்பதில்லை. பலர் வாயால் மட்டும் சொல்லிவிட்டு, நாளை வீணடித்தது மண்டபத்தார்தான் என்று பேசுகிறார்கள். முன்பணத்துக்கு நாங்கள் கட்டிவிட்ட 18 சதவீத ஜிஎஸ்டியையும் யோசியுங்கள்.

திருச்சித் தந்தை:

15,000 ரூபாய் எப்படி வந்தது என்று சொல்ல மறந்துவிட்டேன். எனக்குப் பின் வந்தவர்களுக்கு 1,65,000 ரூபாய்க்குத்தான் விட்டதாக அவர்களுடைய ரசீதின் அடிக்கட்டையைக் காட்டினார்கள். என் வாடகையில் அந்த அளவு குறைந்திருந்ததால் ஒப்புக்கொண்டேன். சேலத்து நண்பர் இன்னமும் அதை ஏற்க மாட்டார் என்று தெரிகிறது. ஜிஎஸ்டி பற்றி எங்களுக்குள் பேச்சே எழவில்லை. என் ரசீதில் அப்படி ஒரு வரியே இல்லை.

சேலத்திலிருந்து:

அடிக்கட்டையை அவர்களே எழுதிக்கொள்ளலாமே, ஐயா. அன்றைக்கு அங்கே திருமணம் செய்தவர்களைத்தானே நீங்கள் கேட்டிருக்க வேண்டும்?

ஈரோட்டிலிருந்து ஒருவர்:

எங்கள் தேதிக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. பெரியப்பா காலமானதால் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. 50,000 கொடுத்திருக்கிறோம். வாயால் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

வழக்கறிஞர்:

இன்றே எழுதி அனுப்புங்கள். இருக்கும் இருபது நாளும் உங்கள் கணக்கில் சேரட்டும். வேறு யாரும் வராவிட்டால் முன்பணத்தில் பெரும்பகுதி போகலாம், அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சம்பந்தி வீட்டார் சம்மதித்தால், தள்ளிவைத்த தேதிக்கு அதே மண்டபத்தைக் கேட்டு முன்பணத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு மதுரைச் சகோதரியின் வழி பொருந்தக்கூடும்.

ஈரோட்டிலிருந்து:

கடிதம் அனுப்பிவிட்டேன். புதிய தேதி தையில்தான் அமையும் என்கிறார் ஜோதிடர். தைக்கு இப்போதே இடமில்லை என்கிறார்கள் மண்டபத்தில். பழைய முகூர்த்தத்தன்று காலையில் போய் வாசலைப் பார்த்து வருவதாக இருக்கிறேன்.