41ஆம் பக்கமா, 37ஆம் பக்கமா?

வயலோரம்: ஸ்கான் கோப்பில இருந்து மொடலைக் கொண்டு விவரம் எடுக்கேக்க, "தெரியாட்டி ஊகிக்காதே" எண்டு ப்ரொம்ப்டில ஒரு வரி போட்டால் முடிஞ்சுது. ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கமும் மேற்கோளும் கேக்கிறது வேலையில்லாதவன்ர வேலை. மறுக்கிறவை மறுக்கலாம்.

துருசடி: மறுக்கிறன். அந்த ஒரு வரியோடதான் நானும் தொடங்கினன். எங்கட பக்கத்துச் சின்னக் குளங்களின்ர திருத்தக் கோப்பு, 143 பக்க ஸ்கான். குளத்துக்குக் குளம் கொள்ளளவு, வயற்பரப்பு, குளக்கட்டின்ர நீளம், கடைசியாத் திருத்தின ஆண்டு எடுக்கவேணும். எங்கட குளத்துக்கு அந்த ஆண்டு கோப்பிலயே இல்லை. மொடல் 2012 எண்டு போட்டுது. தேடிப் பாத்தால் அது அடுத்த குளத்தின்ர ஆண்டு. அது ஊகிக்கேல்லை ஐயா, கண்ணால கண்டதைப் பிழையான இடத்தில வைச்சுது. உம்மட வரி அதை எப்பிடித் தடுக்கும்?

இப்ப நான் கேக்கிறது இப்பிடி:

```
"last_repair_year": {
  "quote": null,
  "pdf_page": null,
  "value": null
}
```

மேற்கோள் முதல்ல, பெறுமதி கடைசியில. பெறுமதியை முதல்ல எழுத விட்டால், எழுதின எண்ணுக்குப் பிறகு சாட்சி தேடும். மேற்கோள் இல்லாட்டி மூண்டும் `null`. ஆண்டு கட்டாயம் எண்ணாத்தான் இருக்கவேணும் எண்டு ஸ்கீமாவில கட்டிப்போட்டு, பிறகு வெறுமையா விடு எண்டு கெஞ்சினால் அது என்ன செய்யும், பாவம்.

பாலைமரம்: எல்லாம் சரி, பக்கத்தில பிழை விட்டிட்டீர். உம்மட அட்டவணையில 41 எண்டு கிடக்கு. தாளைத் திறந்தால் அடியில 37 எண்டு அச்சடிச்சிருக்கு. கந்தோரில தாளைத்தான் புரட்டுவினம்.

துருசடி: அட்டையும் மூண்டு கடிதமும் முன்னுக்குக் கிடக்கு, அதுகளுக்கு இலக்கமில்லை. அதுதான் நாலு வித்தியாசம். ஒவ்வொரு பக்கத்தின்ர தலையிலயும் `[[PAGE 41]]` எண்டு நானே போட்டுத்தான் குடுக்கிறன். அதைப் பாத்து எழுதச் சொன்னால் எழுதும். தானா எண்ணச் சொன்னால் வழுக்கும்.

பாலைமரம்: தாளில 37.

துருசடி: இரண்டு அறிக்கையைச் சேத்துக் கட்டின கோப்பு அது. 37 இரண்டு தரம் வருது. எந்த 37?

பாலைமரம்: முதலாவது 37. போன போகம் விதைநெல் கணக்கிலயும் இப்பிடித்தான், உமக்கு மட்டும் விளங்கிற இலக்கம் போட்டு எங்களை அலைக்கழிச்சீர்.

துருசடி: அந்தக் கணக்குச் சரியாத்தான் இருந்தது, பாக்கத் தெரிஞ்ச ஆளுக்கு.

முறிப்புப்பிள்ளை: அண்ணை, அம்மம்மான்ர காணிக் கடிதம் PDF ஆக்கிக் குடுத்தனான். மேற்கோளில `fhzp` எண்டு ஏதோ வருது. வைரஸோ?

துருசடி: வைரஸ் இல்லைத் தங்கச்சி, பாமினி எழுத்துரு. "காணி"யைத்தான் அப்பிடிக் காட்டுது. எழுத்துருவை எடுத்தால் உள்ளுக்கு ஆங்கில எழுத்து. முதல்ல யுனிகோடுக்கு மாத்தும், அல்லது பக்கத்தைப் படமா எடுத்து OCR செய்யும்.

இதையும் கேளுங்கோ. மேற்கோள் அந்தப் பக்கத்தில உண்மையாவே இருக்கோ எண்டு ஒரு சின்ன நிரலை வைச்சுத் தேடுறனான். இல்லாட்டி பெறுமதியையும் அழிச்சுப்போடும். தொடக்கத்தில நல்ல மேற்கோளும் விழுந்துபோச்சு. "கொள்ளளவு" இரண்டு இடத்திலயும் கண்ணுக்கு ஒண்டுதான், ஆனால் ஒண்டில "கொ" ஒற்றைக் குறியோட, மற்றதில ெ வேறை ா வேறை. இரண்டையும் NFC எண்ட ஒரே யுனிகோடு வடிவத்துக்கு ஆக்கின பிறகுதான் பொருந்தினது.

வயலோரம்: பொருந்தினால் சரியெண்டோ? உம்மட 2012உம் மேற்கோளோட வந்திருக்குமே. அடுத்த குளத்தின்ர வசனம் பொய்யில்லையே.

துருசடி: ஓம், வந்தது. உமக்கும் ஒருக்கா சரிவந்திட்டுது. அதுக்குத்தான் பக்கம். எங்கட குளத்தின்ர பகுதி 38இல இருந்து 41 வரை. 2012க்கு வந்த பக்கம் 43. எல்லைக்கு வெளியில, வெட்டியாச்சு. ஒரே பக்கத்தில இரண்டு குளம் வந்தால் இது பிடிக்காது. அங்க குளத்தின்ர பேர் வாற தலைப்பையும் மேற்கோளாக் கேட்டுப் பாக்கிறன், இன்னும் முழுக்கச் சரிவரேல்லை.

வயலோரம்: பேசாமல் 0 எண்டு போடும்.

துருசடி: வயற்பரப்பு 0 ஏக்கர் எண்டால் அந்தக் குளத்துக்குக் கீழ வயலே இல்லை எண்டு அர்த்தம். கூட்டுத்தொகையில கிடக்கும், ஆரும் தேடாயினம். வெறும் கட்டம் எண்டால் ஆராவது கேப்பினம்.

வயலோரம்: கேக்க மாட்டினம். வெறும் கட்டத்தைப் பாத்தால் வேலை முடியேல்லை எண்டு திருப்பி அனுப்புவினம். எனக்கு அனுப்பினவை.

துருசடி: அதைச் சொல்லும் முதல்ல. அதுக்குப் பயந்துதான் உம்மட அட்டவணை நிரம்பி வழியுது.

முறிப்புப்பிள்ளை: மாத்திப் பாத்தன் அண்ணை, "காணி" எண்டு வந்திட்டுது. அம்மம்மான்ர பேர்தான் இன்னும் பிழையா வருது.

பாலைமரம்: தங்கச்சி, அது எத்தினையாம் பக்கம்? தாளில இருக்கிற இலக்கத்தைச் சொல்லும்.

துருசடி: தொடங்கீட்டார்.

பாலைமரம்: 37.