வெளிநாட்டில் வளர்ந்தவள் தமிழை ஆங்கிலக் கதையில் எப்படிக் காட்டுவது?

வைகைக்கரை: ஆங்கிலத்துல ஒரு சிறுகதை எழுதுறேன். மதுரையில வளர்ந்த செல்வி, நியூ ஜெர்சியில வளர்ந்த அவ மாமா மக மீனா. ஒருத்தி தமிழை இன்னொருத்தி கிண்டல் பண்றாங்க. மீனாவோட தப்புத் தமிழை உடைஞ்ச ஆங்கிலமா எழுதலாமா?

தட்டச்சன்: தாராளமா. வினைச்சொல்லைக் குழப்பிவிடுங்க, உடனே புரியும். ழகரம் வராததையும் சேருங்க. வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதுதானே அடையாளம்.

ஒற்றுப்பிழை: வேண்டவே வேண்டாம். மீனாவுக்குச் சரளமா வர்றதே ஆங்கிலம்தான். அதுலயே அவளைத் திணற வெச்சா, படிக்கிறவங்க கண்ணுக்கு மந்தமாத் தெரிவா. ழகரமும் சரிவராது. மதுரைப் பக்கமே வாளப்பளம்னு சொல்ற வீடு எத்தனையோ இருக்கு. வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு ழ சுத்தமாவே வரலாம்.

அவ தடுமாறுறது நாம, நாங்க இந்த ரெண்டுலதான். ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே சொல். மீனா செருப்பை மாட்டிக்கிட்டு, "செல்வி, நாங்க பரோட்டா சாப்பிடப் போறோம்"ங்கிறா. செல்வி, "சரி, போயிட்டு வாங்க"ன்னு பாயிலயே உட்கார்ந்திருக்கா. கூப்பிடலையேன்னு இவளுக்கு வருத்தம், வரலையேன்னு அவளுக்கு. ஆங்கில வாக்கியத்தை உடைக்காதீங்க, செல்வி எழுந்திரிக்காததை எழுதுங்க.

பனங்காடு: உது பிழையெண்டு ஆர் சொன்னது? நான் யாழ்ப்பாணம், இப்ப டொரன்டோ. முன்னால நிக்கிற ஆளைச் சேர்த்தும் நாங்கள் "நாங்கள்" எண்டுதான் கதைக்கிறனாங்கள். சென்னையில ஒரு சிநேகிதியிட்ட "நாங்கள் கடைக்குப் போவம்" எண்டன். அவ "யார்கூட?" எண்டு கேட்டா. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. என்ர தமிழில குறை ஒண்டும் இல்லை.

ஒற்றுப்பிழை: நீங்க சொல்றது சரி, உங்க பேச்சுல அது தப்பே இல்லை. மீனா வீட்டுல மதுரைத் தமிழ். அதனால அவ வாயில அது சறுக்கல்.

பனங்காடு: கதையை வாசிக்கிற எங்கட பிள்ளையள் தங்களைத்தான் பகிடி பண்ணினதெண்டு நினைக்கும். அதையும் யோசியுங்கோ.

தட்டச்சன்: ழகர விஷயத்துல நான் சொன்னது தப்புதான். ஆனா மீனா திருப்பிக் கிண்டல் பண்ண வேணாமா? செல்விகிட்ட என்ன குறை இருக்கு?

ஒற்றுப்பிழை: "வெயிட் பண்ணு, டிரஸ் சேஞ்ச் பண்ணிட்டு கால் பண்றேன்." ஏழு சொல்லுல நாலு ஆங்கிலம், மிச்சம் மூணும் பண்ணு. மீனா விரல்விட்டு எண்ணட்டும். சிக்கல் என்னன்னா, ஆங்கிலக் கதையில அந்த நாலும் மத்த சொல்லோட கலந்து காணாமப் போயிடும். வழக்கமாத் தமிழ்ச் சொல்லைச் சாய்வெழுத்துல போடுவாங்க. நீங்க மாத்திப் போடுங்க: செல்வி பேச்சுல வர்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் சாய்ச்சு விடுங்க.

வைகைக்கரை: பரோட்டா காட்சியை அப்படியே எழுதிப் பார்த்தேன், நிக்குது. சாய்வெழுத்தும் தாளில நல்லா இருக்கு. ஆனா கதையைக் கூட்டத்துல வாசிக்கப் போறேன். சாய்வெழுத்தைக் காதுக்கு எப்படிக் காட்டுறது?